வீட்டுப் பலகாரம் கூரியரில்: அனுப்பும் நாள், வெயிலுக்கான பேக்கிங், எத்தனை நாள் தாங்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வீட்டில் பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்புகிற பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பதில்கள் நம் பக்கத்துக் கடல் காற்றையும் வெயிலையும் வைத்துச் சொன்னவை. ஊட்டியிலிருந்து அனுப்புகிறவருக்கு இதில் பாதி தேவைப்படாது.

அக்கா, கூரியர்ல எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது?

பலகாரத்தில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். எண்ணெயில் பொரித்து ஈரம் வற்றிய முறுக்கு, தேன்குழல், ரிப்பன், தட்டை, காராசேவு எல்லாம் தாராளமாகப் போகலாம். நெய்யிலும் கெட்டிப் பாகிலும் நிற்கிற கெட்டி மைசூர்பாகு, மாலாடு, பொருள்விளங்கா உருண்டை, கடலை உருண்டையும் போகலாம். அதிரசம் அனுப்பலாம், அனுப்பக் கூடாது என்ற இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாகுப் பதம் சரியாக இருந்தால் தாங்கும், இளகலாக இருந்தால் ஒரு வாரத்திலேயே பூஞ்சை பிடிக்கும்.

பால்கோவா, தேங்காய் பர்பி, குலாப் ஜாமூன், போளி, சுழியம் ஆகியவற்றை வெளியூர் லிஸ்டிங்கில் போடவே வேண்டாம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ இனிப்பு வகைகளுக்குத் தந்த உத்தேசப் பட்டியலில், பாலில் செய்கிற கலாகண்டுக்கு ஒரே நாள்தான். சாதாரண கூரியரில் குளிர்வசதி கிடையாது, அந்த ஒரு நாள் நம் பக்கத்து குடோனிலேயே கழிந்துவிடும்.

ஒரே பெயரில் இரண்டு பண்டம் இருப்பதையும் கவனியுங்கள். நெய்யை மட்டும் விட்டுப் பிடித்த ரவா லாடு இரண்டு வாரம் இருக்கும். பால் தெளித்துப் பிடித்தது மூன்று நாளில் புளிப்பு வாடை அடிக்கும். பெயரை வைத்து முடிவு செய்யாமல் உங்கள் வீட்டுச் செய்முறையை வைத்து முடிவு செய்யுங்கள்.

“20 நாள் தாங்கும்”னு போடுறேன். அது செஞ்ச நாள்ல இருந்து கணக்கா, அவங்க கைக்குப் போன நாள்ல இருந்து கணக்கா?

லேபிளில் செய்த தேதியிலிருந்துதான் கணக்கு. ஆனால் வாங்குகிறவர் மனதில் பார்சல் கைக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடும். பாதிச் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால் லிஸ்டிங்கில் இரண்டையும் எழுதுங்கள்: “செய்த நாளிலிருந்து 20 நாள், உங்கள் கைக்கு வரும்போது குறைந்தது 12 நாள் மிச்சம் இருக்கும்.”

அந்த 12 எப்படி வருகிறது? 20 நாளில் செய்து ஆற வைத்து பேக் செய்ய ஒரு நாள். வடமாநிலத்துக்குப் போக ஐந்து நாள். தாமதத்துக்கு இரண்டு நாள். மிச்சம் 12. தமிழ்நாட்டுக்குள் என்றால் பயணம் இரண்டு நாள்தான், மிச்சம் 15 ஆகிவிடும். இப்படிக் கழித்துப் பார்க்கும்போது ஒரு வாரத்துக்கும் குறைவாக நிற்கிற பண்டத்தை அந்த ஊருக்கு விற்காதீர்கள். பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக விற்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு. பொருள் கைக்குச் சேரும்போது அதன் ஆயுளில் 30 சதவீதம் அல்லது 45 நாள் மிச்சம் இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் எஃப்எஸ்எஸ்ஏஐ அந்தத் தளங்களிடம் சொல்லியிருக்கிறது.

சரி, அந்த 20ங்கிறதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எங்க அம்மா ஒரு மாசம் வைப்பாங்களே?

அம்மா வைத்தது எவர்சில்வர் சம்படத்தில், வீட்டுக்குள்ளே. நீங்கள் அனுப்புவது பவுச்சில், வெயிலில் நிற்கிற வண்டியில். விற்கிற பேக்கிங்கிலேயே சோதித்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

ஒரே ஈட்டில் எடுத்த பலகாரத்தை ஏழெட்டு சின்ன பவுச்சில் போட்டு ஒட்டி, தேதி எழுதி, சமையலறை அலமாரியில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. ஐந்து நாளுக்கு ஒன்றாகப் பிரியுங்கள். பிரித்ததைத் திரும்ப மூடி அடுத்த சோதனைக்கு வைக்காதீர்கள், காற்று பட்டதும் அது வேறு கணக்கு. பிரித்த நொடியில் மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். சிக்கு வாடை முதலில் அங்கேதான் தெரியும், கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் பறந்துவிடும். அப்புறம் ஒடித்துப் பார்த்து, தின்று பாருங்கள். எண்ணெய் காறத் தொடங்கியிருந்தால் நாக்கு நுனிக்குத் தெரியாது. விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு கரகரப்பு நிற்கும். 30ஆம் நாள் நன்றாக இருந்து 35ஆம் நாள் மாறியிருந்தால், லேபிளில் 20 போடுங்கள். மிச்சப் பத்து நாள் வெயிலுக்கும் வாங்குகிறவர் வீட்டு டப்பாவுக்கும் விட்டுக்கொடுத்தது.

இந்த வீட்டுச் சோதனை உலர்ந்த பலகாரத்துக்கு மட்டும்தான். அதிரசம் மாதிரி ஈரம் உள்ளதில் கிருமி வளர்வது வாசனையில் தெரியாமலே நடக்கலாம். அதற்கு என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள உணவு ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டாம் தடவை எண்ணெயில் சுட்ட முறுக்குக்கு முதல் தடவை எண்ணெயில் சோதித்த தேதியைப் போட முடியாது.

தினமும் அனுப்புவோம்னு போட்டா ஆர்டர் நிறைய வருமே, ஏன் அனுப்பும் நாள்னு குறிக்கணும்?

ஞாயிற்றுக்கிழமைதான் காரணம். வியாழன் மாலை கொடுத்த வெளிமாநிலப் பார்சல் சனிக்கிழமை போய் இறங்கும். அன்றைக்கே டெலிவரிக்குப் போகாவிட்டால் திங்கள் வரை ஏதோ ஒரு தகரக் கூரை குடோனில் கிடக்கும். அந்த ஒன்றரை நாள் சூடு, பயணத்தில் படும் சூட்டைவிட மோசமானது. வண்டி ஓடும்போதாவது இரவுக் காற்று கிடைக்கிறது. அதனால் வெளிமாநிலத்துக்குத் திங்கள், செவ்வாய் மட்டும். தமிழ்நாடு, புதுச்சேரி, பெங்களூருக்குப் புதன் வரை. சென்னைக்குள் பைக் டெலிவரிக்கு நாள் கணக்கே தேவையில்லை.

பார்சலைக் காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்துவிடாதீர்கள். காலையில் கொடுத்தாலும் பெரும்பாலும் சாயங்கால வண்டியில்தான் ஏறும். அதுவரை கவுன்டர் வாசலில் வெயில் காயும். உங்கள் கிளையில் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று கேட்டுக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுங்கள்.

அனுப்பும் நாள் தெரிந்துவிட்டால் செய்யும் நாளும் ஆர்டர் முடியும் நாளும் தானாக வந்துவிடும். செவ்வாய் அனுப்ப வேண்டும் என்றால் திங்கள் செய்ய வேண்டும், ஞாயிறு காலை அரிசி, பருப்பு வாங்க வேண்டும், ஆகவே சனிக்கிழமை இரவோடு ஆர்டர் முடிகிறது. “இன்னிக்கே அனுப்புங்க” என்று கேட்கிறவரிடம் “செவ்வாய்க்கிழமை புதுசா செஞ்சு வரும்” என்று சொல்லிப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் காத்திருப்பார்கள்.

லிஸ்டிங்ல என்னென்ன எழுதணும்னு ஒண்ணு எழுதிக் காட்டுங்களேன்.

கெட்டி மைசூர்பாகுக்கு இப்படி எழுதலாம்:

“நெய் மைசூர்பாகு (கெட்டி வகை), 500 கிராம். கடலை மாவு, சர்க்கரை, பசு நெய். வேறு எதுவும் இல்லை. ஆர்டர் முடிவது: சனி இரவு 8 மணி. செய்வது: திங்கள். அனுப்புவது: செவ்வாய் மாலை. தமிழ்நாட்டுக்குள் வியாழன் அல்லது வெள்ளிக்குள் வரும், மற்ற மாநிலங்களுக்குச் சனி வரை ஆகலாம். செய்த நாளிலிருந்து 20 நாள் தாங்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மேலே நெய் கசிந்து காணலாம், கெட்டுப்போனதில்லை. வந்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றவும். ஃபிரிட்ஜ் வேண்டாம்.”

“கெட்டி வகை” என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கடையில் கிடைக்கிற, வாயில் கரைகிற மெது வகையை நினைத்துக்கொண்டு வாங்குகிறவர் ஏமாந்து போவார். “நெய் கசியலாம்” என்ற வரியை எழுதத் தயங்குகிறார்கள், ஆர்டர் போய்விடும் என்று. வாங்கும் முன்னால் படித்தவர் அதை ஒரு குணமாக எடுத்துக்கொள்வார், பெட்டியைப் பிரித்தபின் பார்த்தவருக்கு அது குறையாகத் தெரியும்.

முறுக்கு இங்க மொறுமொறுன்னு இருக்கு, போய்ச் சேர்ந்ததும் நமத்துப் போச்சுங்கறாங்க. கூரியர்காரன் தப்பா, என் தப்பா?

பெரும்பாலும் பேக்கிங் மேசையில் நடப்பது. இரண்டு எதிர்த் தவறுகள் இருக்கின்றன. ஒன்று, சூடு ஆறும் முன்னே பவுச்சில் போடுவது: உள்ளே ஆவி நீராகப் படிந்து முறுக்கை ஊற வைக்கும். இன்னொன்று, நன்றாக ஆறட்டும் என்று இரவு முழுக்கத் தாம்பாளத்தில் திறந்து வைப்பது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் கடல் ஈரம் சன்னல் வழியே வந்துகொண்டே இருக்கும், காலைக்குள் முறுக்கு குடிக்க வேண்டியதைக் குடித்துவிடும். அதை அப்புறம் எவ்வளவு நல்ல பவுச்சில் ஒட்டினாலும் உள்ளே போன ஈரம் உள்ளேதான்.

வடிதட்டில் எண்ணெய் வடிய விட்டு, தாள் விரித்த தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். புறங்கையில் வைத்துப் பார்த்தால் சூடு தெரியக் கூடாது. அந்த நிலை வந்ததும், வழக்கமாக ஒரு மணி நேரத்துக்குள், மூடிய டப்பாவுக்குள் போய்விட வேண்டும். பேக் செய்யும்போது டப்பாவிலிருந்து நேராகப் பவுச்சுக்கு. மழை நாளில் மின்விசிறியைப் போட்டு ஆற வைப்பது ஈரக்காற்றைத்தான் அள்ளிக் கொட்டும், சன்னலைச் சாத்திவிட்டு ஆற வையுங்கள்.

அடுத்தது பவுச். மளிகைக் கடை மெல்லிய கவர் ஈரத்தை மெதுவாக உள்ளே விடும். பாரிமுனைப் பக்கத்து பேக்கிங் கடைகளில் உள்பக்கம் வெள்ளிப் பூச்சு உள்ள தடித்த பவுச் என்று கேட்டு வாங்குங்கள். ஜிப் மட்டும் போதாது, ஜிப்புக்கு மேலே ஹேண்ட் சீலரால் ஒட்ட வேண்டும். ஒட்டுகிற இடத்தில் எண்ணெய் பிசுக்கோ மாவுத் தூளோ இருந்தால் பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. கெட்டிக் காகிதத்தைச் சுருட்டி வாயில் செருகி, அதன் வழியே முறுக்கைப் போட்டுவிட்டுக் காகிதத்தை உருவினால் வாய் சுத்தமாக இருக்கும். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பவுச்சை எடுத்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் சீலரின் சூடு போதவில்லை.

சிலிக்கா ஜெல் போட்டா போதாதா?

உணவுக்கானது என்று அச்சடித்த பொட்டலத்தை முறுக்கோடு போடலாம். ஆனால் ஒட்டாத பவுச்சில் அது வெளிக்காற்றின் ஈரத்தைக் குடித்து ஒரே நாளில் நிறைந்துவிடும். மைசூர்பாகு, அதிரசத்தோடு வேண்டாம். குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்தால் முறுக்கிலும் நான் போடச் சொல்வதில்லை.

மே மாசம் மைசூர்பாகு அனுப்பலாமா? நெய் உருகி அட்டைப்பெட்டியே நனைஞ்சு போகுதே.

கெட்டி வகையை அனுப்பலாம், மெது வகையைப் பங்குனி முடிந்ததும் லிஸ்டிங்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பசு நெய் முப்பது டிகிரி தாண்டும்போதே இளக ஆரம்பித்து, நாற்பதுக்கு வரும்போது முழுக்க எண்ணெய் மாதிரி ஓடும். கத்திரி வெயிலில் சென்னையே நாற்பதைத் தொடுகிறது. மூடிய வண்டிக்குள் அதற்கும் மேலே. எந்தப் பெட்டியும் இதை மாற்றாது. பபுள் ரேப்போ வெள்ளித்தாள் உறையோ சூடு உள்ளே போவதைத் தாமதப்படுத்தும், சில மணி நேரத்துக்கு உதவும். இரண்டு நாள் பயணத்தில் உள்ளும் வெளியும் ஒரே சூடுதான். ஆகவே நெய் உருகும் என்றே வைத்துக்கொண்டு, உருகினாலும் துண்டு உடையாமல், நெய் வெளியே போகாமல் பேக் செய்வதுதான் வேலை.

முதலில் அடுப்பில். வெயில் மாதத்தில் நெய்யை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து, கூடு கூடாகப் பூத்து வரும் பதம் வரை கிளறிக் கொட்டுங்கள். துண்டு போட்டபின் தட்டை ஒரு பக்கம் சாய்த்து வைத்தால், நிற்க முடியாத நெய் இரவுக்குள் வடிந்துவிடும். அதைப் பார்சலுக்குள் வடிய விடுவதைவிட உங்கள் தட்டிலேயே வடிய விடுவது நல்லது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் துண்டின் மேல் நீர் வேர்க்கும், அந்த நீரில்தான் பூஞ்சை தொடங்கும்.

பிறகு பேக்கிங். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, அசைய இடமில்லாத பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்குங்கள். இடம் மிஞ்சினால் கசக்கிய பட்டர் பேப்பரால் நிரப்புங்கள். டப்பா மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, முழு டப்பாவையும் ஒரு பவுச்சுக்குள் போட்டு ஒட்டிவிடுங்கள். நெய் டப்பாவைத் தாண்டினாலும் பவுச்சைத் தாண்டாது. இது சரியா என்று பார்க்க, ஒரு பெட்டியை மொட்டைமாடி அறையிலோ சிமென்ட் ஷீட் கூரைக்கு அடியிலோ இரண்டு நாள் தலைகீழாக வைத்துப் பாருங்கள்.

தெர்மகோல் பெட்டியில ஐஸ் பேக் வெச்சா பால்கோவாவும் அனுப்பலாம்னு யூடியூப்ல சொல்றாங்களே?

ஜெல் ஐஸ் பேக் நம் வெயிலில் அரை நாள், பெட்டி நன்றாக இருந்தால் ஒரு நாள். அதற்கு மேல் அது வெறும் தண்ணீர்ப் பை. அதுவும் சும்மா இருக்காது, வெளிப்பக்கம் வேர்த்துப் பெட்டிக்குள்ளேயே ஈரம் சேர்க்கும். சென்னைக்குள் காலையில் எடுத்து மதியம் கொடுக்கிற டெலிவரிக்கு இது சரி. மதுரைக்கே சரிப்படாது. எடையும் அளவும் கூடுவதால் கூரியர் செலவு பால்கோவா விலையைத் தொட்டுவிடும், அது தனி.

ஒரே ஆர்டர்ல மைசூர்பாகும் தேன்குழலும் கேக்கறாங்க, புனேக்கு. ஒரே பெட்டியில போட்டுடலாமா?

போடலாம், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தெரிந்துகொள்ளக் கூடாது. மைசூர்பாகு நெய் விடும், தேன்குழல் அந்த வாசனையையும் பிசுக்கையும் வாங்கிக்கொள்ளும். தேன்குழலில் பெருங்காயம் இருந்தால் இனிப்பில் பெருங்காயம் மணக்கும். மே மாதத்தில் தலா அரைக் கிலோ புனே போகிறது என்று வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம்.

திங்கள் காலை மைசூர்பாகு, ஏனென்றால் அது வடிந்து இறுக இரவு வேண்டும். மதியம் தேன்குழல், ஆறியதும் டப்பாவில். செவ்வாய் காலை இரண்டையும் மேலே சொன்னபடி தனித்தனியாக ஒட்டுங்கள். தேன்குழலை 250 கிராமாக இரண்டு பவுச்சில் போடுவது நல்லது. அவர் ஒன்றைப் பிரித்தாலும் இன்னொன்று மொறுமொறுப்பாக இருக்கும். பவுச்சில் கொஞ்சம் காற்று விட்டே ஒட்டுங்கள், அது மெத்தை மாதிரி உடையாமல் காக்கும். ஐந்து அடுக்கு அட்டைப்பெட்டியில் கனமான மைசூர்பாகு டப்பா கீழே, நடுவில் ஒரு அட்டை, தேன்குழல் மேலே. ஓரங்களில் கசக்கிய காகிதம். மூடி டேப் போட்டபின் காதருகே வைத்துக் குலுக்குங்கள், சத்தம் வந்தால் இன்னும் காகிதம் வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து ஒரு பக்கமாகப் போட்டுப் பார்க்கும் சோதனையை உங்கள் முதல் மாதிரிப் பெட்டிக்குச் செய்யுங்கள், விற்கிற பெட்டிக்கு வேண்டாம்.

இப்போது காசு. 30 செ.மீ. நீளம், 20 அகலம், 15 உயரம் என்று பெட்டி இருந்தால் மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுப்பது பல கூரியர்களில் வழக்கம். 9000ஐ 5000ஆல் வகுத்தால் 1.8 கிலோ. உங்கள் பார்சல் தராசில் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாக இருந்தாலும் 1.8க்குத்தான், பல இடங்களில் அதை 2 என்று ஏற்றித்தான் போடுவார்கள். உயரத்தை 12 ஆக்கினால் 1.44, ஒன்றரைக்குள் அடங்கிவிடும். டெலிவரி கட்டணத்தை லிஸ்டிங்கில் போடும் முன் பெட்டியை முடிவு செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டில் ஆயுள் குறைந்தது எதுவோ, அதற்கான அனுப்பும் நாள்தான் முழுப் பெட்டிக்கும். தேதி மட்டும் ஒவ்வொரு பவுச்சிலும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்புலதான் விக்கிறேன், எனக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ, லேபிள் எல்லாம் வேணுமா?

வேண்டும். வீட்டுச் சமையலறைக்கும் சிறு வியாபாரிக்கான பதிவு உண்டு, foscos.fssai.gov.in தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கிடைக்கிற 14 இலக்க எண் லேபிளில் வர வேண்டும். அதோடு பண்டத்தின் பெயர், சேர்மானம், நிகர எடை, உங்கள் பெயரும் முகவரியும், செய்த தேதி, பயன்படுத்தக் கடைசித் தேதி, எந்த ஈடு என்று காட்டும் கட்டு எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி, வைக்கும் முறை. வேர்க்கடலை, முந்திரி, பால், கோதுமை, எள் மாதிரி ஒவ்வாமை தரக்கூடியவற்றைத் தனி வரியில் எழுதுங்கள்.

தேதியை வெளிப்பெட்டியில் மட்டும் ஒட்டுவது வீண், பெட்டி வந்த அன்றே குப்பைக்குப் போய்விடும். நெய் பட்டால் அழியும் பேனாவும் வேண்டாம். கட்டு எண் எதற்கு என்று கேட்கிறார்கள். ஒருவர் குறை சொன்னால் அதே ஈட்டில் வேறு யாருக்குப் போயிருக்கிறது என்று தேட அந்த எண்தான் கை கொடுக்கும். ஒவ்வொரு கட்டிலும் ஒரு பவுச்சைக் கடைசித் தேதி முடியும்வரை வீட்டில் வைத்திருங்கள்.

தீபாவளிக்கு வெயில் இல்லையே, அப்ப நிம்மதியா அனுப்பலாம்ல?

வெயில் போய் மழை வந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையும் தீபாவளி ஆர்டரும் ஒரே நேரத்தில்தான் வரும். மைசூர்பாகு சொகுசாகப் போய்ச் சேரும், முறுக்குக்குத்தான் கண்டம். வெளிப்பெட்டியை ஒரு பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். நனைந்த அட்டைக்கு ஐந்து அடுக்கும் ஒன்றுதான், மூன்று அடுக்கும் ஒன்றுதான். கடலை உருண்டை, எள்ளுருண்டை பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றுங்கள்.

அந்த வாரம் கூரியர் குடோன்கள் நிரம்பி வழியும். வழக்கமான பயண நாளோடு மூன்று நாள் கூட்டிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரத் திங்களோடு வெளிமாநிலத்துக்கு நிறுத்திவிடுவது என் பழக்கம். அதற்கு மேல் கேட்கிறவர்களுக்குச் சென்னைக்குள் இருக்கிற சொந்தக்காரர் முகவரி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், யாராவது ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

மூணு நாள்ல போக வேண்டிய பார்சல் ஒன்பது நாள் ஆச்சு. சாப்பிடலாமான்னு கேக்கறாங்க. என்ன சொல்றது? காசு திருப்பணுமா?

தேதி தாண்டியிருந்தால் “சாப்பிடாதீர்கள்” என்று உடனே சொல்லுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. தேதிக்குள் இருந்தால் பவுச்சின் படம் கேளுங்கள்: ஒட்டு பிரிந்திருக்கிறதா, உப்பியிருக்கிறதா, உள்ளே நீர்த்துளி தெரிகிறதா. முறுக்கு பவுச்சில் நாம் விட்ட காற்று இருக்கும், அதை உப்பல் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அதிரசமோ லாடோ இருக்கும் பவுச் நீங்கள் ஒட்டியதைவிடப் புடைத்திருந்தால் உள்ளே ஏதோ புளிக்கிறது, பிரிக்காமலே போட்டுவிடச் சொல்லுங்கள். அதே நேரத்தில் வீட்டில் வைத்திருக்கும் அதே கட்டுப் பவுச்சை நீங்களும் பிரித்துப் பாருங்கள். உங்களுடையது நன்றாக இருந்து அவருடையது கெட்டிருந்தால் வழியில் நடந்தது; இரண்டுமே கெட்டிருந்தால் அந்தக் கட்டு போன எல்லோருக்கும் நீங்களே போன் செய்ய வேண்டும்.

காசு விஷயத்தில், லிஸ்டிங்கில் முன்பே ஒரு வரி இருந்தால் தகராறு வராது. “சொன்ன நாளுக்கு மேல் நான்கு நாள் தாமதமானாலோ, மிச்ச ஆயுள் பாதிக்குக் கீழ் போனாலோ பண்டத்தின் விலை திரும்பத் தரப்படும்” என்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. கூரியர் கம்பெனி உணவுப் பண்டம் கெட்டதற்கு நஷ்டஈடு தரும் என்று நம்பி உட்காராதீர்கள், ரசீதின் பின்பக்கச் சிறு எழுத்தைப் படித்தால் விவரம் தெரியும். இந்தத் தொகையை விலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

மைசூர்பாகு மேல வெள்ளையா பூத்திருக்குன்னு போட்டோ அனுப்பறாங்க. பூஞ்சையா, நெய்யா? போட்டோவுல எனக்கே தெரியலை.

படத்தில் தெரியாது, விரலில் தெரியும். அந்த வெள்ளையை விரலால் தேய்க்கச் சொல்லுங்கள். உருகிய நெய் வழியில் திரும்ப உறைந்திருந்தால் தேய்த்ததும் விரல் சூட்டில் கரைந்து பளபளப்பாகிவிடும். சர்க்கரை பூத்திருந்தால் நறநறவென்று மணலாக இருக்கும், தின்னலாம். பூஞ்சை பஞ்சு மாதிரி இழை இழையாக இருக்கும், தேய்த்தால் கரையாமல் அழுக்காக இழுபடும், பெரும்பாலும் ஓரத்தில் பச்சையோ சாம்பலோ எட்டிப் பார்க்கும். ஈர மண் வாடையும் வரும்.

பூஞ்சைதான் என்றால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மற்றதைத் தின்னச் சொல்லக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இழை மற்றத் துண்டுகளிலும் ஓடியிருக்கும். முழு டப்பாவும் போக வேண்டும், காசும் திரும்ப வேண்டும். அப்புறம் ஈரம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்: ஆறாமல் மூடினீர்களா, ஃபிரிட்ஜில் வைத்தீர்களா, கழுவிய டப்பாவைத் துடைக்காமல் அடுக்கினீர்களா. டப்பாவைக் கழுவி வெயிலில் அரை நாள் காய வைத்து, மூடியின் உள்பள்ளத்தை உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு அடுக்குங்கள்; பெரும்பாலும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில்தான் ஒளிந்திருக்கும்.